விலை கேட்பவரும் தீர்மானிப்பவரும்

நமது வியாபாரிகள் பலர் கம்பனி ஒன்றுக்குப் பொருள் விற்கச் சென்றால் கொள்வனவு அலுவலரையே சுற்றி வருகின்றனர். விலையைக் குறைத்தும் ஓடர் கிடைக்காதபோது போட்டியாளரைக் குறை கூறுகின்றனர். தீர்மானிப்பவர் யார் என்று அறியாததே காரணம் என்பேன்.

பாவிப்பவர், ஆலோசனை சொல்பவர், வாங்குபவர், தீர்மானிப்பவர், வாசலில் நின்று தகவலை விடுபவர் அல்லது தடுப்பவர் என ஒரு கொள்வனவில் ஐந்து பங்குகளை வெப்ஸ்டர், விண்ட் எனும் பேராசிரியர்கள் 1972இல் வகுத்தனர்.

மருதனார்மடத்தில் மிளகாய்த்தூள் பொதி செய்யும், எனக்குத் தெரிந்த சிறு நிறுவனம் ஒன்றைப் பாருங்கள். பொலித்தீன் உறைக்கு விலை கேட்பவர் அலுவலர். காசோலையில் ஒப்பமிடுபவர் முதலாளி. ஆனால், “இந்த உறையில் ஒட்டு விடுகிறது” என்று இயந்திரம் இயக்குபவர் சொன்னால் முதலாளி அதை வாங்கமாட்டார். கடன் தவணையைச் சொல்பவர் கணக்காளர். அங்கு விலையைக் குறைத்தவருக்கு ஓடர் கிடைக்கவில்லை. மாதிரி உறைகளை அந்த இயந்திரத்திலேயே ஓட்டிக் காட்டியவருக்கே கிடைத்தது.

ஆகவே, “கடைசியாக உறையை மாற்றியபோது முதலில் சொன்னவர் யார், வேண்டாம் என்றவர் யார்?” என்று விசாரியுங்கள். பதவிப் பெயரை விட அந்த விடை நம்பகமானது. விடைகளை ஒரு தாளில் பெயர் பெயராக எழுதுங்கள். அலுவலரைத் தாண்டி முதலாளியிடம் ஓடாதீர்கள். மனம் நொந்தால் உங்கள் விலைமனு மேசையிலேயே கிடக்கும். அவர் மூலமாகவே மற்றவர்களைச் சந்தியுங்கள். சிறு கடையில் ஐந்து பங்கும் முதலாளி ஒருவரிடமே இருக்கும். அங்கு இந்தத் தாள் தேவையில்லை.