சுவருக்குள் எரிந்ததா, சுவருக்கு வெளியே எரிந்ததா?

வாடகை வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எழும் சொல் 'ஷார்ட் சர்க்யூட்'. இரண்டாவதாக எழும் சொல் 'ஓவர்லோடு'. முதற்சொல்லைத் தீயணைப்புத் துறையின் அறிக்கை சொல்கிறது; இரண்டாவதை வீட்டு உரிமையாளர் சொல்கிறார். இரண்டும் சேர்ந்து, குடியிருந்த மாணவர்களின் முன்பணம் முழுவதையும் விழுங்கிவிடுகின்றன. தில்லியில் முனிர்க்கா, பேர் சராய் போன்ற பகுதிகளில் குளிர்காலந்தோறும் ஹீட்டரை நம்பி வாழும் ஆய்வு மாணவர்கள் இந்த இரண்டு சொற்களையும் ஐயத்தோடு கேட்கப் பழக வேண்டும் என்பது என் கருத்து. அதற்குச் சட்டமும் கொஞ்சம் வேண்டும், மின்னியலும் கொஞ்சம் வேண்டும்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1958, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொருந்தாது. ஆகவே இன்று நாம் குடியிருக்கும் ஏறத்தாழ எல்லா அறைகளும் சொத்து மாற்றச் சட்டம், 1882-இன் 108ஆம் பிரிவின் கீழ் வருகின்றன. அப்பிரிவின் (எம்) என்னும் உட்பிரிவு, வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று வாடகைதாரரைக் கட்டுப்படுத்துகிறது. இயல்பான தேய்மானத்துக்கும் தடுக்கவியலாத பெருவிசைக்கும் மட்டுமே அதில் விலக்கு உண்டு. உரிமையாளர் தரப்பு வாதம் இந்த வரியிலிருந்தே பிறக்கிறது: தீ தேய்மானமும் அன்று, பெருவிசையும் அன்று, எனவே யார் குற்றமாயினும் குடியிருந்தவர் கொடுக்க வேண்டும்.

இவ்வாதம் அதே பிரிவின் (இ) உட்பிரிவைப் படிக்காமல் செய்யப்படுவது. அங்கே தீ, புயல், வெள்ளம் ஆகியவை ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்தோ நிலையாகப் பயனற்றோ போனால், குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. அச்சேதம் அவருடைய தவறான செயலாலோ கடமை தவறியதாலோ நேர்ந்திருந்தால் மட்டுமே அவ்வுரிமை இல்லை. அதாவது, தீ என்பது வாடகைதாரரின் குற்றமின்றியும் நிகழக்கூடியது என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்தே எழுதியிருக்கிறார்கள். (எம்) உட்பிரிவும் தன் பிற்பகுதியில், வாடகைதாரரின் அல்லது அவருடைய பணியாளர், முகவரின் செயலாலோ தவறாலோ உண்டான பழுதைப் பற்றித்தான் பேசுகிறது. அதைச் சீர்செய்யும்படி அறிவிப்புக் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வாடகைதாரரின் பொறுப்பு அவருடைய தவற்றைத் தொடர்ந்தே வருகிறது என்பது என் வாசிப்பு. அப்படியானால் கேள்வி ஒன்றே: எது தவறு?

இங்கேதான் 'ஓவர்லோடு' என்னும் சொல் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். மூன்று மாணவர்கள் இரண்டு அறைகள் கொண்ட மேல்மாடியில் குடியிருக்கிறார்கள். வயரிங் இருபது ஆண்டுப் பழையது. இரண்டு அறைகளின் சாக்கெட்டுகளும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாலான ஒரே சுற்றில் உள்ளன. ஜனவரி மாதத்து இரவில் ஓர் அறையில் 2,000 வாட் ஹீட்டர் எரிகிறது. மற்றதில் 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் சோறு வேகிறது, 1,500 வாட் கெட்டிலில் நீர் கொதிக்கிறது. மொத்தம் 5,300 வாட். 230 வோல்ட்டில் இது 23 ஆம்பியர். குழாய்க்குள் செல்லும் அந்தக் கம்பி தாங்கக்கூடியது ஏறத்தாழ 13 முதல் 16 ஆம்பியர் வரை. கம்பி சூடேறுகிறது, 70 டிகிரிக்கென வடிவமைக்கப்பட்ட அதன் பி.வி.சி. உறை இளகுகிறது, எங்கோ ஒரு பழைய இணைப்பில் தீ தொடங்குகிறது.

உரிமையாளர் சொல்வார்: மூன்று பெரிய சாதனங்களை ஒரே நேரத்தில் போட்டது உங்கள் தவறு. கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் ஒழுங்காக அமைக்கப்பட்ட வீட்டில் இது நடந்திருக்க முடியுமா? அந்தச் சுற்றுக்கு 10 ஆம்பியர் எம்.சி.பி. இருந்திருந்தால் 23 ஆம்பியர் ஓடத் தொடங்கிய ஓரிரு நிமிடத்தில் அது விழுந்திருக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யே இருந்திருந்தாலும், சற்றுத் தாமதமாக, ஒரு மணி நேர அளவுக்குள் விழுந்திருக்கும். மாணவர்கள் எரிச்சலோடு கெட்டிலை அணைத்திருப்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் உண்மையில் இருந்தது 32 ஆம்பியர் எம்.சி.பி. 23 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே அன்று. எம்.சி.பி. காப்பது கம்பியை, கம்பியைவிடப் பெரிய எம்.சி.பி. எதையும் காப்பதில்லை. 'அடிக்கடி டிரிப் ஆகிறது' என்று முந்தைய குடித்தனக்காரர் புகார் சொன்னபோது, கம்பியை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கியிருப்பார்கள். சிறிய செலவில் முடிந்த வேலை. அந்தச் சிறிய செலவில்தான் தீ வாங்கப்பட்டது.

ஆகவே என் நிலைப்பாடு இது: சுவருக்குள் ஓடும் கம்பி மிகைச்சுமையால் எரிந்தது என்று உரிமையாளரே சொன்னால், அது மாணவர்களுக்கு எதிரான சான்று ஆவதற்கு முன் அவருடைய பெட்டியைப் பற்றிய கேள்வி ஆகிறது. வாடகைதாரரே எம்.சி.பி.யை மாற்றியிருந்தாலோ, பழைய பியூஸில் தடித்த கம்பியைச் சுற்றியிருந்தாலோ கதை தலைகீழாகும். அது ஐயத்துக்கு இடமில்லாத குற்றம். மாற்றவில்லை என்றால், சுவரிலுள்ள சாக்கெட்டை அது எதற்காகப் பொருத்தப்பட்டதோ அதற்குப் பயன்படுத்தியதை அலட்சியம் என்பது பொருந்தாது. 2021இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு முன்வைத்த மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணையும் வயரிங்கை உரிமையாளரின் பொறுப்பில்தான் வைக்கிறது. சுவிட்சு, சாக்கெட் பழுதுகளை வாடகைதாரரிடம் விடுகிறது. மாநிலம் ஏற்றால்தான் அது சட்டம். ஆனாலும் நியாயமான பங்கீடு எது என்பதற்கு அது நல்ல சாட்சி.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவருக்கு வெளியே தொடங்கும் தீயை எந்த எம்.சி.பி.யும் தடுக்காது. ஹீட்டரின் மேல் ரஜாய் சரிந்து விழுந்தால் ஹீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மாறுவதில்லை, அதே 8.7 ஆம்பியர்தான். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனாலும் அப்படியே. இவை நம் குற்றங்கள். வயரிங் பழையது என்று இங்கே வாதாடுவது வீண். இன்னொன்றும் உண்டு. பெரிய மூன்று முனை பிளக்கைச் சிறிய 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுவதற்கென ஒரு கன்வெர்ட்டர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. பெரிய பிளக் சிறிய துளையில் நுழையாதபடி வைத்ததே எச்சரிக்கைதான். அதை விலை கொடுத்து வாங்கி நீக்கியவர், அந்தச் சாக்கெட் எரிந்ததற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் பகுதி இருக்கிறது: தளர்ந்த இணைப்பு. சாக்கெட்டின் பின்னே திருகு தளர்ந்தால் அவ்விடத்தில் மட்டும் வெப்பம் உண்டாகும். மின்னோட்டம் கூடாது, எம்.சி.பி. விழாது. பழுப்பேறிய சாக்கெட் முகம், பிளக்கைத் தொட்டால் சூடு, மீன் வாடை போன்ற பிளாஸ்டிக் நெடி ஆகியவை அதன் அறிகுறிகள். இங்கே தீர்ப்பை முடிவு செய்வது, யார் எப்போது அறிந்தார் என்பதே. நவம்பரில் படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவரும், நெடியைப் பொறுத்துக்கொண்டு ஜனவரிவரை ஹீட்டரை ஓட்டியவரும் ஒரே நிலையில் நிற்கவில்லை. உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவித்தும் உரிய காலத்தில் செய்யாவிட்டால், தாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ள 108(எப்) இடமளிக்கிறது. அறிவித்துவிட்டு அதே சாக்கெட்டைத் தொடர்ந்து பயன்படுத்தியவருக்கு என் அனுதாபம் பாதிதான். நீதிமன்றமும் இழப்பைப் பங்கிட முற்பட்டால் வியப்பதற்கில்லை.

இனிச் சான்று. எரிந்த கம்பியில் உருகித் திரண்ட செம்புமணி காணப்பட்டால் அதுவே தீயின் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். வேறெங்கோ தொடங்கிய தீ கம்பியின் உறையை எரித்தாலும் இரு கம்பிகள் தொட்டு அதே மணி உண்டாகும். மணி காரணமா, விளைவா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உறை எங்கிருந்து கருகியது என்று பார்க்க வேண்டும்: மிகைச்சுமையில் அது செம்பை ஒட்டிய உட்புறத்திலிருந்து கெட்டு, தளர்ந்து, தீ எட்டாத தொலைவிலும் அப்படியே இருக்கும், வெளித்தீயில் புறப்பரப்பே முதலில் கருகும். எம்.சி.பி.யின் மேல் பொறித்த எண்ணையும் அதன் நெம்புகோல் நிலையையும், யாரும் தொடுவதற்கு முன் படமெடுக்க வேண்டும். சாக்கெட், பிளக், சாதனம் மூன்றையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் சுவர் பூசி வெள்ளையடித்துவிட்டால் பின்னர் எஞ்சுவது அறிக்கையின் ஒற்றை வரிதான். 'மின்கசிவு எனச் சந்தேகிக்கப்படுகிறது' என்னும் அவ்வரி, யாருடைய அலட்சியம் என்பது குறித்து எதையும் முடிவு செய்யவில்லை.

நிரூபிக்கும் சுமை, இழப்பீடு கேட்பவருடையது. ஒருவர் மட்டுமே சிறப்பாக அறிந்த உண்மையை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 109ஆம் பிரிவு. அந்த இரவில் எவை எரிந்தன என்பது மாணவர்கள் அறிந்தது. அதை மறைப்பது அவர்களுக்கே தீங்கு. வயரிங் எப்போது செய்யப்பட்டது, எம்.சி.பி. எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்பவை உரிமையாளர் அறிந்தவை. முதற்கேள்வியைக் கேட்பவர்கள் இரண்டாவதைக் கேட்பதில்லை.

இவை அனைத்தையும் ஒரே வரி கவிழ்த்துவிடலாம். 108ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தமோ வட்டார வழக்கமோ இல்லாதபோதுதான் செயல்படும். பதினொரு மாத ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்து தரும் கடைகளின் பழைய படிவங்களில் 'தீயாலும் மின்சாரத்தாலும் உண்டாகும் எல்லாச் சேதத்துக்கும் வாடகைதாரரே பொறுப்பு' என்பது போன்ற வரி இருந்தால், இதுவரை சொன்ன வாதத்தின் பெரும்பகுதி அங்கேயே வலுவிழக்கும். கையெழுத்திடுமுன் 'வாடகைதாரரின் அலட்சியத்தால்' என்னும் இரண்டு சொற்களை அவ்வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே, எம்.சி.பி. பெட்டியைத் திறந்து ஒரு படமெடுத்து, அதை அன்றே உரிமையாளருக்கு அனுப்பி வையுங்கள்.