மட்டுப்பாடு எண்டால் மன்னிப்புக் கடிதமா?

இறுதியாண்டு ஆய்வேடு எழுதின எல்லாருக்கும் இந்தப் பந்தி தெரியும். "மாதிரியின் அளவு சிறியது. காலமும் பணமும் போதவில்லை. பதிலளித்தோர் உண்மையை மறைத்திருக்கலாம். எனினும் இவ்வாய்வு முக்கியமானதாகும்." கலந்துரையாடல் அத்தியாயத்தின் கடைசியில், சமர்ப்பிக்கிறதுக்கு முதல்நாள் இரவு, போன வருசத்து அக்காவின்ர ஆய்வேட்டைப் பார்த்து எழுதுகிற பந்தி. நாங்களும் அப்படித்தான் எழுதினோம்.

இப்போது அந்தப் பந்தியை எதிர்க்கிறோம். அதைச் சிலர் தன்னடக்கம் என்கிறார்கள். எந்த ஆய்வின் கடைசியிலும் ஒட்டக்கூடிய ஒரு பந்தி எந்த ஆய்வைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. அதில் அடக்கத்துக்கு இடமேது? எங்களுக்குக் கிடைக்கிற ஆலோசனைகளும் இரண்டுதான். ஒன்று, "நாலைஞ்சு எழுதுங்கோ, அப்பதான் நேர்மையா இருக்கும்." மற்றது, "கனக்க எழுதாதேங்கோ, வைவாவில பிடிப்பினம்." இரண்டும் ஒரே பிழையான நம்பிக்கையிலிருந்து வருகின்றன: மட்டுப்பாடு முடிவுக்கு எதிரி என்று. எங்கள் வாதம் வேறு. ஒரு மட்டுப்பாடு எந்த முடிவைத் தொடுகிறது, அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது, எவ்வளவு தூரம் தள்ளக்கூடும் என்பதைச் சொன்னால் முடிவு பலப்படும். சொல்லாமல் பட்டியல் போட்டால், வாசிக்கிறவர் முழு ஆய்வையும் சந்தேகிப்பார். அது அவரின் பிழையல்ல.

ஒரு உதாரணத்தை வைத்துக் கதைப்போம். மூன்று பாடசாலைகளில் 200 உயர்தர மாணவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்குப் பிறகும் போன் பாவிக்கிறவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 50 நிமிடம் குறைவாக நித்திரை கொள்கிறார்கள். 95% நம்பிக்கை ஆயிடை 30 முதல் 70 நிமிடம். ஆய்வேட்டின் முடிவு: "இரவில் போன் பாவிப்பது நித்திரையைக் குறைக்கிறது."

இப்போது "மாதிரி சிறியது" என்ற வசனத்தை எடுங்கள். மாதிரி சிறியதால் வருகிற தளம்பல் அந்த ஆயிடைக்குள்ளேயே இருக்கிறது. ஆயிடையின் கீழ் எல்லையை எடுத்தாலும் 30 நிமிட வித்தியாசம் மிஞ்சுகிறது. ஆகவே மாதிரி சிறியது என்பதால் வித்தியாசம் காணாமல் போகாது. அது 30 நிமிடமா 70 நிமிடமா என்பதுதான் மங்கலாகிறது. ஆனால் அதே ஆய்வேட்டின் இன்னொரு மூலையில், "ஆண், பெண் மாணவரிடையே வேறுபாடு இல்லை" என்று ஒரு வரி இருந்தால், அடி விழுவது அங்கேதான். 200 பேரைக் கூறுபோட்டால் ஆயிடை அகலும். வேறுபாட்டைக் காணவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. "மாதிரி சிறியது" என்று பொதுவாக எழுதினவர் பலமான முடிவைச் சந்தேகத்துக்குள் தள்ளிவிட்டு, பலவீனமான முடிவைத் தப்பவிடுகிறார்.

அடுத்தது, "பதிலளித்தோர் பிழையாகச் சொல்லியிருக்கலாம்." சரி, எந்தப் பக்கம் பிழை? போன் பாவிக்கிற நேரத்தை எல்லாரும் ஒழுங்கில்லாமல், அங்குமிங்குமாகப் பிழையாகச் சொன்னால், இரண்டு குழுக்களும் கலந்துபோய் வித்தியாசம் பெரும்பாலும் உண்மையைவிடச் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் "நான் கனக்கப் போன் பாக்கிறன்" என்ற குற்ற உணர்வில் இருக்கிறவர் தன் நித்திரையையும் குறைத்துச் சொன்னால், வித்தியாசம் ஊதிப் பெருக்கும். இதில் எது நடந்திருக்கும் என்று சொல்லுங்கள். சிலரின் போனிலேயே பதிவாகிற பாவனை நேரத்தோடு பதில்களை ஒப்பிட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று எழுதுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். எங்கள் பட்டியல்களில் பெரும்பாலும் இல்லாததும் அதுதான். வினாக்கொத்து ஒரே நேரத்தில் கொடுக்கப்பட்டது. போன் பார்ப்பதால் நித்திரை குறைகிறதா, நித்திரை வராததால் போனை எடுக்கிறார்களா? ரியூஷன், சோதனைப் பயம் போன்ற மூன்றாவது காரணம் ஒன்று இரண்டையும் இழுக்கிறதா? இதைப் பந்தியில் எழுதிவிட்டு, முடிவில் "குறைக்கிறது" என்ற சொல்லை அப்படியே விட்டால், எங்கட பந்தியே எங்கட முடிவைக் கவிழ்த்துவிடும். இங்கே திருத்தவேண்டியது முடிவின் வினைச்சொல்லை. "இரவில் போன் பாவிப்பவர்கள் குறைவாக நித்திரை கொள்கிறார்கள்" என்று எழுதினால், இந்த மட்டுப்பாட்டால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆய்வுச் சுருக்கத்திலும் அதே சொல் வரவேண்டும்; கூடுதலான ஆய்வேடுகள் சறுக்குவது அங்கேதான்.

1950இல் ரிச்சர்ட் டோலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல பாடம். லண்டன் வைத்தியசாலைகளில் 709 புற்றுநோயாளரையும், அதே பாலும் வயதும் கொண்ட வேறு 709 நோயாளரையும் ஒப்பிட்டார்கள். 649 ஆண் புற்றுநோயாளரில் புகைக்காதவர் 2 பேர். ஒப்பீட்டுக் குழுவின் 649 ஆண்களில் 27 பேர். பலமான எதிர்க்கேள்வி ஒன்று இருந்தது: நேர்காணல் செய்தவர்களுக்கு யார் புற்றுநோயாளி என்று தெரியும், அந்த எண்ணமே பதில்களைக் கோணலாக்கியிருக்காதா? அவர்கள் "இது எமது மட்டுப்பாடு" என்று எழுதிவிட்டுப் போகவில்லை. புற்றுநோய் என்று நம்பி நேர்காணப்பட்டு, பிறகு புற்றுநோய் இல்லை என்று தெரியவந்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் புகைக்கும் பழக்கம் மற்ற நோயாளரைப் போலவே இருந்தது. கோணல் இருந்திருந்தால் அது புற்றுநோயாளரைப் போல இருந்திருக்கும். நினைவிலிருந்து சொல்கிற பதிலை நம்பலாமா என்ற கேள்விக்கு, 50 பேரை ஆறு மாதமோ அதற்கு மேலோ கழித்துத் திரும்பவும் கேட்டுப் பார்த்தார்கள்.

எங்கட மூன்றாவது கேள்வியும் அங்கே இருக்கிறது. நோய்தான் புகைக்க வைக்கிறதோ, வேறொரு காரணம் இரண்டையும் உண்டாக்குகிறதோ என்று அவர்களே கேட்டார்கள். பழக்கம் நோய்க்கு முந்தியது என்பதால் முதலாவதைத் தள்ளினார்கள். இரண்டாவதற்கு, அப்படியான பொதுக் காரணம் எதையும் தங்களால் நினைத்துப்பார்க்க முடியவில்லை என்றார்கள். பிறகுதான் புகைத்தல் ஒரு முக்கிய காரணி என்று எழுதினார்கள். போன் ஆய்வில் எது முந்தியது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் அவர்கள் போன தூரம் நாங்கள் போகமுடியாது.

அப்படியென்றால் எங்கட பந்தி இப்படி இருக்கலாம்: "தரவு ஒரே நேரத்தில் பெறப்பட்டதால் போன் பாவனை முந்தியதா, நித்திரைக் குறைவு முந்தியதா என்று கூறமுடியாது, எனவே தொடர்பை மட்டுமே முன்வைக்கிறோம். நித்திரை நேரம் மாணவர்களே கூறியது. அதைக் குறைத்துக் கூறியிருந்தால் 50 நிமிடம் என்பது மிகைமதிப்பீடாக இருக்கலாம், இதை நாம் சோதிக்கவில்லை. மாதிரியின் அளவால் வித்தியாசத்தின் பருமன் துல்லியமாக இல்லை, ஆயினும் கீழ் எல்லையே 30 நிமிடம். மூன்று பாடசாலைகளுக்கு அப்பால் இதை விரிக்கவில்லை."

இதில் "எனினும்" என்று தொடங்கும் கெஞ்சல் இல்லை. காசு, நேரம் பற்றிய முறைப்பாடும் இல்லை. பணம் போதாமல் எதைச் செய்யாமல் விட்டோம் என்பதுதான் வாசகருக்குத் தேவை. வைவாவில் "இது காரணம் எண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்?" என்று கேட்டால், "சொல்லேல்லை சேர்" என்று பதில் சொல்லலாம். அந்தப் பதிலைச் சொல்ல முடியாதபடி முடிவை எழுதிவிட்டு, மட்டுப்பாடுகளைக் குறைத்து எழுதி எங்களைக் காப்பாற்ற ஏலாது.