மேல்துளையில் ஒரு பேனா

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கான மின்பாதுகாப்புக் குறும்படம் ஒன்றுக்கு அண்மையில் உரை எழுதினோம். "சாக்கெட்டுகளைக் குழந்தைகள் தீண்டுவது தவிர்க்கப்பட வேண்டும்" என்று முதலில் எழுதி, உடனே அடித்துவிட்டோம். தவிர்க்க வேண்டியவர் யார் என்று சொல்லாத வாக்கியம் யாரையும் எச்சரிப்பதில்லை.

பல சாக்கெட்டுகளில் கீழிரு துளைகளையும் உள்ளிருந்து ஒரு தடுப்பு மூடியிருக்கும். பிளக்கின் நீண்ட எர்த் முனை மேல்துளையில் நுழைந்தால்தான் அது விலகும். இரண்டு முனை சார்ஜர் நுழைய மறுக்கும்போது நாம் செய்வதென்ன? மேல்துளையில் பேனாவைக் குத்தித் தடுப்பை விலக்குகிறோம். இடுப்பிலிருக்கும் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இக்காட்சியைப் படத்தில் காட்டக்கூடாது என்பதே நம் கட்சி, காட்டினால் கற்பித்ததாகிவிடும். மின்னிணைப்பில்லாத சாக்கெட் ஒன்றைத் திறந்து மேசைமீது வைத்து, மூன்று முனை பிளக்கை மெல்லச் செருகினால் தடுப்பு விலகுவது தெரியும். அப்போது குரல் சொல்லட்டும்: "பேனாவால் திறக்காதீர்கள். மின்சாரமுள்ள துளையும் திறந்துவிடும். இரண்டு முனைக்கென்றே உள்ள சாக்கெட்டைப் பொருத்தச் சொல்லுங்கள்."

'ஆர்.சி.சி.பி. இருக்கிறதே' என்றார் நண்பரொருவர். 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரம் மண்ணுக்குக் கசிந்தால் அது இணைப்பைத் துண்டிக்கும், உண்மைதான். ஆனால் குழந்தை இரு ஊசிகளை இரு துளைகளிலும் செருகிப் பிடித்தால், கசிவு இல்லாதவரை அக்கருவிக்குக் குழந்தையும் எரியும் விளக்கும் ஒன்றே. இவ்வரியை நீக்கினால் படம் சுருங்கும் என்றார்கள். நாம் இசையவில்லை.