பிளக்கைக் கழற்றுங்கள்

அரைத்துக்கொண்டிருக்கும்போது தேங்காய் ஜாரின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கத்தி வெறுமனே சுற்றும். சமைப்பவர் மூடியைத் திறந்து ஒரு கரண்டியால் உள்ளே தள்ளிவிடுவார். ஜார் மிக்ஸியின் மேலேயே இருக்கும், பிளக் சுவரிலேயே இருக்கும். பல வீடுகளில் தினமும் நடப்பதுதான் இது. மிக்ஸியோடு வரும் கையேட்டில் இதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு. அதைத் தமிழுக்குக் கொண்டுவருவது மொழிபெயர்ப்பாளர்களைப் படாத பாடு படுத்துகிறது.

எந்த நிறுவனத்தின் கையேட்டை எடுத்தாலும் அந்த ஆங்கில வாக்கியம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வீட்டு மின்கருவிகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஇசி 60335. அதில் சமையலறை இயந்திரங்களுக்கான 2-14 என்ற பகுதி, கையேட்டில் எதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று கிட்டத்தட்ட வாக்கியமாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படி வரும்: “துணைக்கருவிகளை மாற்றுவதற்கு அல்லது பயன்பாட்டின்போது நகரும் பாகங்களை அணுகுவதற்கு முன் சாதனத்தை அணைத்து மின் விநியோகத்திலிருந்து துண்டிக்கவும்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கையில் கரண்டியோடு நிற்பவருக்கு இந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை. துணைக்கருவி என்றால் ஜார் என்று அவருக்குத் தோன்றாது. நகரும் பாகம் என்றால் கத்தி என்றும் தோன்றாது. “மின் விநியோகத்திலிருந்து துண்டிப்பது” என்றால் பில் கட்டாத வீட்டுக்கு மின்வாரியம் செய்வது என்றுதான் நினைப்பார்.

அதைவிட ஆழமான சிக்கல் “சாதனத்தை அணைத்து” என்ற இடத்தில் இருக்கிறது. பன்னாட்டுத் தரநிலை பல நாட்டுச் சமையலறைகளுக்குப் பொதுவாக எழுதப்பட்டது. ஐரோப்பாவின் பல நாடுகளில் சுவர்ச் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருப்பதில்லை. அங்கே அணைப்பது என்றால் கருவியில் உள்ள சுவிட்சை அணைப்பதுதான். நம் வீடுகளில் இரண்டு சுவிட்சுகள்: மிக்ஸியின் முன்பக்கம் 0, 1, 2, 3 என்று எண்கள் உள்ள குமிழ் ஒன்று, சுவரில் ஒன்று. “அணைக்கவும்” என்று மட்டும் சொன்னால் பலர் சுவர் சுவிட்சைத்தான் தட்டுவார்கள். குமிழ் 2-லேயே நிற்கும். அப்படி நிற்கும் மிக்ஸியில் ஜாரை மாற்றி வைத்துவிட்டு, மூடி போடும் முன் வேறு யாராவது சுவர் சுவிட்சைப் போட்டால் கத்தி உடனே சுற்றும். ஆங்கிலத்தில் தெளிவாக இருந்த கட்டளை, ஒரு சொல்லும் மாறாமலேயே, நம் சுவரில் வந்து இருபொருளாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டு ஒரு மிக்ஸி முன்னால் போய் நிற்க வேண்டிய இடம் இது.

அப்படி நின்று எழுதினால் வாக்கியம் பிரிந்துவிடும்:

ஜாரை மாற்றும் முன்பும், கத்தியைத் தொடும் முன்பும்:
1. குமிழை 0-க்குத் திருப்புங்கள்.
2. சுவர் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்.
3. பிளக்கைக் கழற்றுங்கள்.
4. கத்தி முழுதும் நின்றதா என்று பாருங்கள்.
கத்தி கையை வெட்டும்.

ஒரு வரிக்கு ஒரு செயல். வரிசை எதுவோ அதே வரிசையில் கையும் போகும். எண்ணிப் பார்த்தால் மூலத்தைவிடச் சொற்கள் குறையவில்லை. கட்டளை சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு, பக்கத்தில் இடம் மிச்சமாக வேண்டும் என்று பொருளல்ல. வாசிப்பவர் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது குறைவாக இருக்க வேண்டும் என்றுதான் பொருள்.

அடுத்த கேள்வி வினைமுடிவு. கையேட்டுத் தமிழில் “-வும்” நிலைத்துவிட்டது: கழுவவும், துடைக்கவும், கழற்றவும். மரியாதையாகவும் ஒலிக்கிறது. ஆனால் அதே “-வும்” தமிழில் இன்னொரு வேலையும் செய்கிறது. “ஜாரைக் கழுவவும் மூடியைத் துடைக்கவும் மென்மையான துணியைப் பயன்படுத்தலாம்” என்ற வாக்கியத்தில் கழுவவும் என்பது கட்டளை இல்லை. “மோட்டார் பகுதியைக் கழுவவும் தண்ணீரில் முக்கவும் கூடாது” என்று ஒருவர் எழுதிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். குறுகிய பத்தியில் அது அச்சாகும்போது முதல் வரி “மோட்டார் பகுதியைக் கழுவவும்” என்று, நேர்க் கட்டளையாகவே கண்ணில் படும்.

தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. “கழுவக் கூடாது” என்பது வரியின் ஓரத்தில் உடைந்தால் மேல் வரியில் “கழுவ” நிற்கும், கீழ் வரிக்குக் “கூடாது” போய்விடும். “வேண்டாம்” என்பதிலோ வேறொரு வழுக்கல். “மூடியைக் கழற்ற வேண்டாம்” என்றால் கழற்றாதே என்றும் கொள்ளலாம், கழற்றும் அவசியம் இல்லை என்றும் கொள்ளலாம். “டிக்கெட் வாங்க வேண்டாம்” என்று பேச்சில் சொல்லும்போது நாம் யாரையும் தடுப்பதில்லை, தேவையில்லை என்று மட்டும்தான் சொல்கிறோம். பாதுகாப்பு எச்சரிக்கையில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விரலே போய்விடலாம்.

“கழுவாதீர்கள்” என்ற வடிவத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. செயலும் தடையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அச்சில் நடுவே உடைந்து “கழுவா” என்று நின்றாலும் அந்த முதல் துண்டே மறுப்பைச் சொல்லிவிடும். திறக்காதீர்கள், தொடாதீர்கள், முக்காதீர்கள் எல்லாம் அப்படியே. தமிழின் இலக்கணமே கொடுத்திருக்கும் இந்தப் பாதுகாப்பை அலுவலக நடைக்காக விட்டுக்கொடுப்பது வருத்தமான விஷயம். ஆகவே செய்ய வேண்டியதற்கு எல்லா இடத்திலும் “-ங்கள்”, செய்யக் கூடாததற்கு எல்லா இடத்திலும் “-ஆதீர்கள்” என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்து, கடைசிப் பக்கம்வரை மாற்றாமல் இருப்பது நல்லது.

“-லாம்” இன்னொரு கண்ணி. “ஜாரைத் தண்ணீரில் கழுவலாம்” என்பது அனுமதி. “ஷாக் அடிக்கலாம்” என்பது அபாயம். ஒரே பக்கத்தில் ஒரே விகுதி இரண்டு வேலை பார்க்கக் கூடாது. அனுமதிக்கு மட்டும் “-லாம்” என்று வைத்துக்கொண்டால், அபாயத்துக்கு “ஷாக் அடிக்கும்”, “கையை வெட்டும்” என்று எழுத வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் நேரக்கூடும் என்று இருப்பதை நேரும் என்று ஆக்குவது மிகையாகாதா என்று கேட்கலாம். அதற்கு விடை எச்சரிக்கையின் தலைச்சொல்லில் இருக்கிறது. அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரநிலை இந்தச் சொற்களைப் படிநிலையாக வகுத்திருக்கிறது. தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ பெருங்காயமோ நேர்ந்தே தீரும் என்றால் ஒரு சொல், நேரக்கூடும் என்றால் அடுத்த சொல், சிறு காயமோ மிதமான காயமோ நேரக்கூடும் என்றால் மூன்றாவது சொல். எவ்வளவு உறுதி, எவ்வளவு கடுமை என்பதைத் தலைச்சொல்லே சுமந்துவிடுகிறது. தமிழில் இந்த மூன்றுக்கும் அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று வைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்துப் பலகையில் “அபாயம்” என்று பார்த்துப் பழகியவர்கள் நாம், அதன் எடை நமக்குத் தெரியும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் சேர்த்து “எச்சரிக்கை” என்றே போடும் வழக்கம்தான் கெடுதல். கத்தி வெட்டும் என்பதற்கும், ஜாரின் பிளாஸ்டிக் மூடியில் விரல் நசுங்கும் என்பதற்கும் ஒரே தலைப்பு என்றால் வாசிப்பவர் இரண்டையும் தாண்டிப் போய்விடுவார்.

பெயர்களின் விஷயம் எளிதாகத் தெரியும், ஆனால் கைநழுவுவதும் இங்கேதான். நான்காம் பக்கத்தில் ஜார், ஏழாம் பக்கத்தில் கலன், படத்தில் கிண்ணம் என்று இருந்தால் மூன்று பொருள்கள் இருப்பதாகத்தான் எண்ணத் தோன்றும். பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதக் கூடாது என்று கற்ற பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். ஜார் என்றால் ஜார், பிளக் என்றால் பிளக், ஒயர் என்றால் ஒயர். வேலை தொடங்கும் முன் இருபது முப்பது பெயர்களை ஒரு தாளில் எழுதி, கருவியின் மேலேயே அச்சாகியிருக்கும் குறிகளோடு ஒப்பிட்டுக்கொள்வது பெரிய உதவி. மிக்ஸியின் அடியில் உள்ள “மிகைச்சுமைப் பாதுகாப்புப் பொத்தான்” எங்கே என்று யாருக்கும் தெரியாது. “அடியில் உள்ள சிவப்பு பட்டன்” என்றால், பட்டன் உண்மையிலேயே சிவப்பாக இருக்கும்வரை, எல்லோருக்கும் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் தானாகச் செய்யக் கூடாத மாற்றங்களும் உண்டு. அதே தரநிலையில், சூடான திரவத்தை ஊற்றும்போது கவனமாக இருக்க வேண்டும், திடீரென ஆவி எழுந்து வெளியே தெறிக்கும் என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. வெந்த தக்காளியை ஆறும் முன் அரைத்து, மூடி பறந்து, கையைச் சுட்டுக்கொள்வது நமக்குத் தெரிந்த விபத்துதான். “கவனமாக இருங்கள்” என்பது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. “ஆறிய பிறகு அரையுங்கள்” என்பது சொல்கிறது. ஆனால் முன்னது சூடாகவும் அரைக்க இடம் தருகிறது, பின்னது தரவில்லை. எது சரி என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த ஜாரை வடிவமைத்த பொறியாளர். கேள்வியை எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகே வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், கையேட்டை எழுதாத ஒருவரிடம் அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். “புரிகிறதா?” என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். “படிச்சிட்டு அதும்படியே செஞ்சு காட்டுங்கக்கா” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, கத்தி கழற்றிய ஜாரோடு மிக்ஸியை முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அவர் கை முதலில் குமிழுக்குப் போகிறதா, சுவருக்குப் போகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். “சுவிட்சுன்னு போட்டிருக்கே, எந்த சுவிட்சு?” என்று அவர் கேட்டால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

அதற்குப் பிறகும் ஒரு வேலை மிச்சம். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த கட்டத்தில் தமிழ் பெரும்பாலும் அடங்காது. பக்கம் அமைப்பவர் எழுத்தைச் சுருக்குவார், வரியை மடிப்பார், சில நேரம் நான்காவது கட்டளையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுவார். அச்சுக்குப் போகும் கடைசிப் படியை வாங்கி, ஒவ்வொரு எச்சரிக்கையும் தலைச்சொல்லிலிருந்து கடைசி வரிவரை ஒரே பக்கத்தில் இருக்கிறதா, “பிளக்கைக் கழற்றுங்கள்” என்ற வரி எங்கும் உடையாமல் நிற்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.