25 விழுக்காடு இலாப ஈவா? கொஞ்சம் பொறுங்கள்!

பாலோவில் இருக்கும் என் அக்கா போன வாரம் புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். கைப்பேசித் திரையில் எடுத்த பங்குப் பட்டியல் அது. முதல் வரியில் டாப் குளோவ். P/E 2.7, சந்தை மதிப்பு 20 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல், இலாப ஈவு 25 விழுக்காடு.

"தம்பி, பெரிய கம்பெனி, விலையும் மலிவு. வங்கி வைப்புத் தொகை 20,000 அடுத்த மாதம் முதிர்ச்சி அடையுது. இதில் போடலாமா?" என்று கேட்டார்.

படத்தில் தேதி இல்லை. ஆனால், அந்த எண்கள் 2021 டிசம்பர் இறுதியைச் சேர்ந்தவை. அப்போது ஒரு பங்கின் விலை சுமார் 2 ரிங்கிட் 60 சென். ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் ஒரு பங்குக்குக் கிடைத்த இலாபம் ஏறத்தாழ 95 சென். விலையை இலாபத்தால் வகுத்தால் 2.7. அதாவது, அதே இலாபம் தொடர்ந்தால் மூன்றே ஆண்டில் போட்ட பணத்தை நிறுவனம் சம்பாதித்துவிடும். இலாப ஈவாகக் கொடுத்தது 65 சென். அதை விலையோடு ஒப்பிட்டால் 25 விழுக்காடு.

கணக்கில் தவறில்லை. ஆனால், இரண்டு எண்களிலும் விலைதான் அன்றையது. இலாபமும் ஈவும் முடிந்துபோன ஆண்டுக்குரியவை. அது கோவிட் காலம். கையுறை விலை எகிறியதால் நிறுவனத்தின் இலாபம் 7 பில்லியனைத் தாண்டியது. பெருந்தொற்றுக்கு முந்திய 2019-இல் அது 400 மில்லியனைக்கூடத் தொடவில்லை.

இங்கேதான் சந்தை மதிப்பு உதவும். அது நிறுவனத்தின் எல்லாப் பங்குகளுக்கும் சேர்த்து மொத்த விலை. அந்த 20 பில்லியனைச் சாதாரண ஆண்டின் 400 மில்லியனால் வகுத்துப் பாருங்கள்: 50 வருகிறது. 2.7 என்று மலிவாகத் தெரிந்த பங்கு, உண்மையில் விலை கூடிய பங்கு. சந்தை மதிப்பு நிறுவனத்தின் அளவைத்தான் காட்டும், பாதுகாப்பைக் காட்டாது.

பிறகு நடந்தது என்ன? கையுறை விலை சரிந்தது. 2022 நிதியாண்டில் இலாப ஈவு ஒரு சென்னைச் சற்றே தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் பங்கு விலை 1 ரிங்கிட்டுக்குக் கீழே போனது. 2023 நிதியாண்டில் நிறுவனத்துக்கு நட்டமே மிஞ்சியது. 2 ரிங்கிட் 60 சென்னுக்கு வாங்கியிருந்தால், அக்காவின் 20,000 அந்த ஓராண்டில் சுமார் 7,000 ஆகியிருக்கும்.

அக்காவுக்கு இதைத்தான் சொன்னேன்: "படத்தில் முதலில் தேதியைத் தேடுங்க. பிறகு, ஐந்தாண்டு இலாபத்தை வரிசையாக எழுதுங்க. ஓர் ஆண்டு மட்டும் மலைபோல் நின்றால், அதை விட்டுவிட்டு மற்ற ஆண்டுகளின் சராசரியால் சந்தை மதிப்பை வகுங்க. இலாப ஈவையும் அப்படியே பாருங்க."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "தம்பி, இதை அனுப்பிய பக்கத்து வீட்டுக்காரர் நேற்றே பணம் கட்டிட்டாராம். தேதியைப் பார்த்தாரான்னு கேட்டுட்டு வர்றேன்."