12ஆவது தவணை எதற்கு?

வட்டி ஹராம் என்று சொல்வதோடு ஆசிரியர்கள் நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். எங்கள் பெண்களோ நுண்கடனுக்குக் கையெழுத்து வைக்கிறார்கள். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் கடனை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததே, மறந்துவிட்டோமா?

ஒரு இலட்சம், 12 மாதம், "மாதம் 2 வீதம்தான்", தவணை 10,333 ரூபா. வட்டி 24,000ஐக் கூட்டி 12ஆல் பிரித்தால் சரியாகத்தான் வருகிறது. அங்கேதான் ஏமாறுகிறோம்.

மாதாமாதம் முதலில் 8,333 கழிகிறது, வட்டி மட்டும் 2,000ஆகவே நிற்கிறது. கடைசி மாதம் மீதி 8,333தான். அதற்கும் 2,000 என்றால் 24 வீதம்!

மீதியோடு 2 வீதம் கூட்டி, தவணையைக் கழித்துக்கொண்டு வாருங்கள். 9,456 கட்டினாலே 12ஆம் மாதம் கணக்கு பூச்சியமாகும். 10,333 கட்டினால் 11ஆம் மாதமே கடன் தீர்ந்துவிடும். பிறகும் ஏன் வாசலில் வந்து நிற்கிறார்கள்?