முதலில் டிரங்குப் பெட்டி, பிறகு கல்வெட்டு

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரங்களில் வாழும் தமிழர் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆர்வம் தலைதூக்கியிருக்கிறது. தாத்தா எந்த ஊர், அவருடைய அப்பா பெயர் என்ன என்று மூன்றாவது தலைமுறைப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஊரில் கிடக்கும் பாக நிலத்தின் தகராறும் பல வீடுகளில் இந்தக் கேள்வியை எழுப்புகிறது. முன்பெல்லாம் இதற்கு ஊருக்குப் போய்ப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். இன்று கல்வெட்டுத் தொகுதிகளும் பழைய பத்திரிகைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. வசதி பெருகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பலர் தேடலைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள் என்பதுதான் வருந்தத்தக்கது.

தங்கள் ஊர்ப் பெயரோ சாதிப் பெயரோ உள்ள கல்வெட்டு ஒன்றைச் செல்போனில் கண்டதும், அதில் வருபவரே தங்கள் முன்னோர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறகு இடையிலுள்ள ஆயிரம் ஆண்டுகளை ஊகத்தால் நிரப்புகிறார்கள். முறையான வழி இதற்கு நேர்மாறானது. தெரிந்த மனிதரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். வீட்டுப் பெட்டி முதலாவது, பதிவு அலுவலகம் இரண்டாவது, பத்திரிகை மூன்றாவது, கல்வெட்டு கடைசி.

கல்லில் இருப்பதும் இல்லாததும்

அம்பாசமுத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். நெல்லைச் சீமையிலிருந்து மும்பை வந்தவர்கள் பலருக்கும் அறிமுகமான ஊர் அது. அங்கே வரகுண பாண்டியனின் பெயர்பெற்ற வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ‘எபிகிராபியா இண்டிகா’ ஒன்பதாம் தொகுதியில் வெங்கையா அதைப் பதிப்பித்தார். அந்தத் தொகுதியின் படம் archive.org தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ‘அம்பாசமுத்திரம்’ என்று அந்தக் கல்வெட்டில் தேடினால் கிடைக்காது. அன்று அந்த ஊருக்கு இளங்கோக்குடி என்று பெயர். அரசன் கோயிலுக்கு 290 காசு கொடுத்தான். ஊர்ச் சபையார் அந்த முதலை வைத்துக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல் அளக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஊரின் பழமைக்கு இது அருமையான சான்று. அங்கே சபை இருந்தது, கோயில் இருந்தது, வட்டிக்கு நெல் அளக்கும் ஒழுங்கு இருந்தது என்பதெல்லாம் தெரிகிறது. ஆனால் இன்று அந்த ஊர்க்காரர் எவருடைய பரம்பரையையும் அது சொல்லவில்லை. அதில் உள்ள தேதியும் அரசனின் ஆட்சியாண்டுதானே தவிர, நாம் அறிந்த ஆண்டு அல்ல. அதை ஆங்கில ஆண்டாக மாற்றுவது அறிஞர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு.

தனி மனிதர் பெயர்கள் வரும் கல்வெட்டுகளிலும் எச்சரிக்கை தேவை. ‘மூவேந்தவேளான்’ என்பது சோழ அரசு தன் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். அதைக் குலப்பெயர் என்று கொள்வது தவறு. அச்சிட்ட தொகுதிகளில் சதுர அடைப்புக்குள் உள்ள எழுத்துகள் கல்லில் தெளிவில்லாதவை. நட்சத்திரக் குறி இட்டவை பதிப்பாசிரியர் தாமே சேர்த்தவை. இணையத்தில் எடுத்துப் போடுகிறவர்கள் இந்தக் குறிகளை விட்டுவிட்டு, ஐயத்துக்குரிய எழுத்தையும் உறுதியானதுபோல் ஆக்கிவிடுகிறார்கள். ஆகையால் தொகுதியின் பக்கப் படத்தைப் பாராமல் எந்தப் பெயரையும் ஏற்கலாகாது.

அறுபது ஆண்டுக் குழப்பம்

சரியான வழியில் போனால் என்ன கிடைக்கும் என்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். அம்பாசமுத்திரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரங்குப் பெட்டியில் பழைய ஜாதகக் குறிப்பு ஒன்று அகப்படுகிறது. ‘சுப்பையா, விக்கிரம வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் படிக்க முடிகிறது. மேற்பகுதியைச் செல் அரித்துவிட்டது.

தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. விக்கிரம வருஷம் 1880லும் வந்தது, 1940லும் வந்தது, 2000த்திலும் வந்தது. அத்துடன் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். ஆகவே 1880ல் பிறந்த தாத்தா சுப்பையாவும் 1940ல் பிறந்த பேரன் சுப்பையாவும் ஒரே வீட்டில் இருக்கக் கூடும். இருவரும் விக்கிரம வருஷத்துக்காரர்கள். இணையத்தில் வம்சாவளி எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட இருவரை ஒருவராக்கி, ஒரு தலைமுறையையே விழுங்கிவிடுவது உண்டு.

இதைத் தீர்ப்பதற்கு நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அங்கே பழைய பத்திரங்களிலும் ஜாதகங்களிலும் கொல்லம் ஆண்டையும் எழுதுவார்கள். அது திரும்பி வராத எண். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை அதனுடன் 824ஐயும், அதன் பிறகு ஆடி முடிய 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1056 ஆவணி என்றிருந்தால் 1880. 1116 ஆவணி என்றிருந்தால் 1940.

அந்த எண்ணையும் செல் அரித்துவிட்டால் கிழமை, நட்சத்திரம், கிரக நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சனியும் குருவும் அறுபது ஆண்டில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அவற்றை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் தாத்தாவும் பேரனும் மறுபடி ஒன்றாகிவிடுவார்கள். ராகு அப்படித் திரும்புவதில்லை. இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும். கிழமையும் நட்சத்திரமும் தேதியோடு பொருந்துகின்றனவா என்பதையும் கணக்கிடலாம். இந்த வேலைக்காகவே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை ‘இண்டியன் குரோனாலஜி’ என்ற நூலை 1911ல் வெளியிட்டார். கி.பி. 2000 வரைக்குமான கணக்கு அதில் உண்டு.

பத்திரம் பேசும்

ஜாதகம் பிறந்த காலத்தைச் சொல்லும். உறவைச் சொல்வது பத்திரம். அதே குடும்பத்துக்குக் கிரயப் பத்திரம் ஒன்றின் நகல் கிடைக்கிறது என்று கொள்வோம். ‘விசுவாவசு வருஷம் தை மாதம், கொல்லம் 1081, சுடலைமுத்து மகன் சுப்பையா’ என்று அதில் இருக்கிறது. கொல்லம் 1081 தை என்பது 1906. விசுவாவசு வருஷம் 1905-06ல் நடந்தது. இரண்டும் ஒத்துப்போகின்றன. 1880ல் பிறந்தவருக்கு அப்போது 25 வயது; நிலம் வாங்கக்கூடிய வயதுதான். 1940ல் பிறந்தவர் இவராக இருக்க முடியாது. அத்துடன் இன்னொரு தலைமுறையும், சுடலைமுத்து என்ற பெயரும் கிடைத்துவிட்டன.

ஆனால் அவசரம் கூடாது. அதே ஊரில் பேச்சிமுத்து மகன் சுப்பையா ஒருவரும் இருந்திருக்கலாம். வாங்கிய நிலத்தின் நான்கெல்லையையும் சர்வே நம்பரையும் பார்க்க வேண்டும். அந்த நிலமே பின்னால் தந்தை வழியாகக் குடும்பத்துக்கு வந்தது என்று அடுத்தடுத்த பத்திரங்கள் காட்டினால்தான் அவர் நம் சுப்பையா.

பத்திரத்தை ஏன் இவ்வளவு நம்பலாம்? பணம் கைமாறிய அன்றே, சாட்சிகள் அடையாளம் காட்ட, சம்பந்தப்பட்டவர் தாமே தம் தந்தை பெயரைச் சொல்லி எழுதியது அது. எனினும் எல்லாவற்றுக்கும் அதுவே சான்றாகிவிடாது. வயது ‘சுமார்’ என்றுதான் இருக்கும். பதிவேட்டில் இருப்பது எழுத்தர் கையால் எடுத்த நகல். எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம். பள்ளிச் சான்றிதழிலுள்ள பிறந்த தேதியோ இதைவிடப் பலவீனமானது. தலைமையாசிரியர் உத்தேசமாகப் போட்டதாக அது இருக்கக் கூடும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் இருக்கும். கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்க்கலாம், சான்றிட்ட நகலும் பெறலாம். ஆட்களின் பெயர்ப்படி ஓர் அட்டவணையும், சொத்துப்படி ஓர் அட்டவணையும் உண்டு. மும்பையில் இருந்தபடியே tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு அந்தந்த அலுவலகத்தில் மனுச் செய்துதான் தேடவேண்டும். கணினியில் இல்லை என்றால் பத்திரமே இல்லை என்று அர்த்தமல்ல.

பத்திரிகையின் மௌனம்

பழைய பத்திரிகைகளுக்கும் இது பொருந்தும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் (tamildigitallibrary.in) பழைய இதழ்களைப் பார்க்கலாம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அரிய இதழ்களைக் காத்துவருகிறது. ஆனால் 1978ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னை, லை போன்ற எழுத்துகளின் வடிவமே வேறு. அந்தப் பக்கங்களைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. ஆகவே பெயரைத் தட்டிவிட்டு, இல்லை என்று திரும்பக் கூடாது. தேதி தெரிந்தால் அந்த வார இதழ்களைக் கண்ணால் புரட்ட வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையானால் ஊரை Tinnevelly என்றும், சாமி என்று முடியும் பெயர்களை sawmy என்றும் தேடிப் பார்ப்பது அவசியம். கூலித் தொழிலாளியின் பெயர் செய்தியில் வருவது அரிது என்பதையும் மறக்கலாகாது.

எந்த ஆவணமானாலும் மூன்று கேள்விகள் போதும். இதை எழுதியவர் யார்? நிகழ்ச்சி நடந்து எவ்வளவு காலத்துக்குப் பின் எழுதினார்? எதற்காக எழுதினார்? கோயிலுக்கு நெல் அளக்க வெட்டிய கல், நம் வம்சத்தைச் சொல்ல வெட்டப்பட்டதல்ல. நிலம் வாங்க எழுதிய பத்திரத்திலோ, வாங்கியவர் தம் தந்தை பெயரைச் சொல்லியே ஆகவேண்டும்.

சோழ, பாண்டிய கல்வெட்டுகளில் பெயர் தேடித்தருவதாக எவராவது பணம் கேட்டால், அந்தக் காலத்துக்கும் தாத்தாவின் காலத்துக்கும் இடையிலுள்ள தலைமுறைகளுக்கு என்ன ஆவணம் என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டுக்கும் நகல் கட்டணத்துக்கும் செலவிடுவதே மேல். கல்லும் பத்திரமும் காத்திருக்கும். ஊர்ப் பெரியவர்களின் நினைவு காத்திருக்காது. எந்தச் சுப்பையா யாருடைய மகன் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, தேதியும் சொன்னவர் பெயரும் குறித்து வைப்பது நல்லது.